பின்கோடு போட்டதும் "டெலிவரி இல்லை" என்று வந்தால்

ஆன்லைனில் பொருள் வாங்க முயன்று நின்றுபோன குடும்பங்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எங்க ஊருக்கு வராதாமே, என்ன செய்வது?"

அந்தச் செய்தி பெரும்பாலும் ஊரைப் பற்றியது அல்ல. அந்தப் பொருளை, அந்த விற்பனையாளரிடமிருந்து, அந்த ஆறு இலக்க எண்ணுக்குக் கொண்டுவர கூரியர் இல்லை என்பதே அதன் பொருள். இதே பின்கோடுக்குச் சேலை வரும், தையல் மிஷின் வராது. எடை கூடினால் கூரியரும் மாறும்.

கீழக்கரைக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்துச் சகோதரி தையல் மிஷின் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில், அதே மாடலை வேறு விற்பனையாளர் தருகிறாரா என்று அந்தப் பக்கத்திலேயே பார்க்க வேண்டும். பலருக்கு இங்கேயே வழி கிடைத்துவிடும். இல்லையென்றால் ராமநாதபுரத்தில் இருக்கும் மாமா வீட்டு முகவரியை, அவருடைய பெயர், அவருடைய செல்போன் எண், 623501 என்ற பின்கோடு எல்லாம் சேர்த்துப் புதிதாகப் பதிய வேண்டும். டெலிவரி ஓடிபி அந்த எண்ணுக்குப் போகலாம். பொருளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், பொதுவாக அதே வீட்டில் வந்துதான் எடுப்பார்கள். மாமாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சிலர் தங்கள் கிராம முகவரிக்கு நேராக நகரத்துப் பின்கோடைப் போட்டுவிடுகிறார்கள். ஆர்டர் ஏறிவிடும், பொருள் வராது. பார்சல் எண்ணைப் பார்த்து ராமநாதபுரம் போய் நிற்கும். டெலிவரி பையன் முகவரியைப் பார்த்துவிட்டு, தன் எல்லைக்குள் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

இன்னொரு சிக்கல், பின்கோடு சரியாக இருந்தும் கேஷ் ஆன் டெலிவரி மட்டும் மங்கலாகத் தெரிவது. தொகை வரம்பைத் தாண்டியிருக்கலாம், விற்பனையாளர் அந்த வசதியைத் தராமல் இருக்கலாம், முன்பு வந்த பார்சல்களை வீட்டில் வாங்காமல் திருப்பியதால் கணக்கில் நிறுத்தியிருக்கலாம். பலர் கவனிக்காதது, கூடையில் உள்ள ஒரே ஒரு பொருள் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்பது. மிஷினோடு நூல்கண்டு பெட்டியும் போட்டிருந்தால், பெட்டியை எடுத்துவிட்டுப் பாருங்கள். வசதி திரும்பி வந்தால் இரண்டையும் தனித்தனி ஆர்டராகப் போடலாம்.

அப்படியும் வரவில்லையென்றால் யுபிஐ வழியாக முன்பணம் கட்ட வேண்டியதுதான். ஆர்டர் ரத்தானால் பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ, பொதுவாக அதற்கே திரும்பும். பக்கத்து வீட்டுத் தம்பியின் போனில் கட்டினால் பணம் அவர் கணக்குக்குத்தான் வரும். அதை அவரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

"உங்கள் ஊருக்கு நாங்கள் அனுப்புகிறோம், இந்த எண்ணுக்கு ஜிபே பண்ணுங்கள்" என்று யாராவது போனில் அழைத்தால் பணம் அனுப்பாதீர்கள். ஆப்பிற்கு வெளியே கட்டிய தொகைக்கு அந்தக் கடை பொறுப்பேற்காது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணில் புகார் செய்யுங்கள்.