மூன்று வட்டமும் ஒத்துப்போகிறது, விடை மட்டும் இடிக்கிறது

கேள்வி: ஐயா, என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கணமொழிப் பாடத்தில் வகுப்பில் கொடுத்த கணக்கு இது: “130 குடும்பங்கள் உள்ள ஒரு கிராமத்தில் 70 குடும்பங்கள் கேழ்வரகும், 55 குடும்பங்கள் நிலக்கடலையும், 50 குடும்பங்கள் மல்பெரியும் பயிரிடுகின்றன. கேழ்வரகும் கடலையும் பயிரிடுவோர் 28, கடலையும் மல்பெரியும் பயிரிடுவோர் 18, கேழ்வரகும் மல்பெரியும் பயிரிடுவோர் 20. மூன்றையும் பயிரிடுவோர் 8. இவற்றில் எதையும் பயிரிடாத குடும்பங்கள் எத்தனை?” இவள் வென்படம் வரைந்து 37 என்று எழுதினாள். 13தான் சரி என்று திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். நானும் உட்கார்ந்து ஒவ்வொரு வட்டமாகக் கூட்டிப் பார்த்தேன். 70, 55, 50 என்று மூன்றும் பிசகாமல் வருகிறது. வெளியே உள்ள 37ஐயும் சேர்த்தால் 130 வருகிறது. எல்லாம் சரியாக இருக்கும்போது விடை எப்படித் தப்பாகும்? படத்தை அனுப்பியிருக்கிறேன்.
— ஒரு தாய், பென்னாகரம் வட்டம்

பதில்: படம் வந்து சேர்ந்தது, அம்மா. வளையலை வைத்து வரைந்த வட்டங்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. மூன்றும் ஒரே அளவு, ஓரிடத்தில் பென்சில் வளையலைச் சுற்றி வழுக்கியிருக்கிறது. வரைந்ததில் குறை இல்லை. நீங்கள் கூட்டியதிலும் குறை இல்லை. 13தான் சரியான விடை. பிழை உள்ள படமும் நீங்கள் செய்த சோதனையில் தேறிவிடும். உங்கள் மகளின் படம் அப்படித்தான் தேறியிருக்கிறது.

முதலில் பிழையைப் பார்ப்போம். கேழ்வரகு வட்டமும் கடலை வட்டமும் ஒன்றையொன்று வெட்டும் இடம் புங்க இலை போல இருக்கும். மூன்றாவதாக மல்பெரி வட்டம் வந்து அந்த இலையின் ஒரு பகுதியை மூடுகிறது. அதனால் இலை இரண்டு துண்டாகிறது. உள்துண்டு மூன்று பயிரும் வைத்தவர்களுக்கு. வெளித்துண்டு, கேழ்வரகும் கடலையும் வைத்து மல்பெரி வைக்காதவர்களுக்கு. கணக்கில் சொன்ன 28 முழு இலைக்கு உரியது. உங்கள் மகள் அதை வெளித்துண்டில் மட்டும் எழுதி, உள்துண்டில் 8ஐத் தனியாக எழுதிவிட்டாள். அவள் படத்தில் முழு இலையைக் கூட்டிப் பாருங்கள், 36 வரும். மற்ற இரண்டு இலைகளிலும் இதே கதைதான்: 18 இருக்க வேண்டிய இடத்தில் 26, 20 இருக்க வேண்டிய இடத்தில் 28.

இது எல்லோருக்கும் வழுக்கும் இடம். ஊர்க் கூட்டத்தில் எண்ணுவதாக நினைத்துக்கொண்டால் பிடிபடும். “கேழ்வரகும் கடலையும் போட்டவர்கள் கை தூக்குங்கள்” என்றால் மல்பெரியும் வைத்திருக்கும் அந்த 8 வீட்டாரும் கை தூக்கத்தான் செய்வார்கள். அவர்களும் கேழ்வரகும் கடலையும் போட்டவர்கள்தானே. “கடலையும் மல்பெரியும்” என்று கேட்டாலும் அதே 8 பேர் கை மறுபடி உயரும். அதனால் படத்தை நடுவிலிருந்து நிரப்ப வேண்டும். நடுவில் 8. பிறகு ஒவ்வொரு இலையிலும் அந்த 8ஐக் கழித்தால் மீதி 28−8=20, 18−8=10, 20−8=12. அதற்குப் பிறகுதான் ஒரே பயிர் போட்டவர்கள். கேழ்வரகு மட்டும் 70−20−12−8=30, கடலை மட்டும் 55−20−10−8=17, மல்பெரி மட்டும் 50−12−10−8=20. ஏழு இடங்களையும் கூட்டினால் 117. வெளியே 13.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வட்டங்கள் ஏன் ஒத்துப்போயின? அவள் ‘கேழ்வரகு மட்டும்’ என்ற இடத்துக்கு எண் கண்டுபிடித்தது எப்படி? 70இலிருந்து 28, 20, 8 மூன்றையும் கழித்து 14 என்று எழுதியிருக்கிறாள். அந்த 14உடன் அதே 28, 20, 8ஐத் திரும்பக் கூட்டினால் 70 வராமல் வேறென்ன வரும்? கழித்ததையே திரும்பக் கூட்டியிருக்கிறீர்கள். இலையில் 28க்குப் பதில் 35 என்று எழுதியிருந்தாலும், அதற்கேற்ப ‘மட்டும்’ இடங்களில் கழித்துக்கொண்டே போனால் வட்டம் ஒத்துத்தான் போகும். வெளியே உள்ள 37ம் அப்படியே. 130இலிருந்து 93ஐக் கழித்து வந்ததை 93உடன் சேர்த்தால் 130தான். இந்தக் கூட்டல்கள் கழித்தலில் கை தவறியதா என்று சொல்லும். எண் சரியான இடத்தில் உட்கார்ந்ததா என்று சொல்லாது.

கணக்கில் எட்டு எண்கள் இருக்கின்றன: மொத்தம் ஒன்று, வட்டங்கள் மூன்று, இலைகள் மூன்று, நடு ஒன்று. நீங்கள் சோதித்தது மொத்தத்தையும் மூன்று வட்டங்களையும்தான். மூன்று இலைகளும் விடுபட்டுவிட்டன. ஆகவே சோதிக்கும்போது கேள்வித்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் படத்தில் எந்த எந்தத் துண்டுகள் என்று விரலால் மூடிக் கூட்டச் சொல்லுங்கள். 28 என்றால் இரண்டு துண்டு, 70 என்றால் நான்கு துண்டு. எண் தாளில் இருப்பதோடு ஒத்தால் அதன் மேல் ஒரு சிறு டிக். எட்டு டிக் விழுந்தால் படம் சரி.

தேர்வில் நேரம் இல்லாவிட்டால் இலைகளுக்கு மட்டும் ஒரே வரியில் சோதனை இருக்கிறது. கேள்வியில் உள்ள மூன்று இலைகளின் கூட்டுத்தொகை 28+18+20=66. படத்தில் மூன்று வெளித்துண்டுகளைக் கூட்டி, நடு எண்ணை மூன்று மடங்காகச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் நடுத்துண்டு மூன்று இலைகளிலும் இருக்கிறது. சரியான படத்தில் 20+10+12=42, அதோடு 24 சேர்த்தால் 66. உங்கள் மகளின் படத்தில் 66+24=90. உடனே மாட்டிவிடும்.

பாடநூலில் உள்ள சூத்திரத்தையும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்:

n(A∪B∪C) = n(A)+n(B)+n(C) − n(A∩B) − n(B∩C) − n(A∩C) + n(A∩B∩C)

175−66+8=117. அவள் படத்தில் 93. வித்தியாசம் 24, அதாவது நடுவில் உள்ள 8இன் மூன்று மடங்கு. இது தற்செயல் அல்ல. ஒவ்வொரு இலையிலும் 8 கூடுதலாக எழுதியதால் இலைகளில் 24 ஏறியது. ஒவ்வொரு இலையும் இரண்டு வட்டத்தில் இருப்பதால் ‘மட்டும்’ இடங்களில் 48 இறங்கியது. நிகரம் 24 குறைவு. ஆகவே படத்து விடைக்கும் சூத்திர விடைக்கும் உள்ள இடைவெளி நடு எண்ணின் சரியாக மூன்று மடங்காக இருந்தால், முதலில் இலைகளைப் பாருங்கள். தாள் திருத்தும்போது எனக்கு இது பலமுறை கைகொடுத்திருக்கிறது.

சில கணக்குகளில் இந்தப் பிழை தானே வெளியே வந்துவிடும். மல்பெரி 50க்குப் பதில் 40 என்று கொடுத்திருந்தால், அவள் முறைப்படி 40−20−18−8 = −6. எதிர்மறைக் குடும்பம் கிடையாது என்று அவளே அழித்திருப்பாள். சரியாகப் போட்டால் அங்கே 10 வரும். இந்தக் கணக்கில் எண்கள் தாராளமாக இருந்ததால் பிழை மறைந்துகொண்டது. எதிர்மறை எண் வந்தால் முதலில் இலையைச் சந்தேகியுங்கள். இலைகள் சரியாக இருந்தும் எதிர்மறை வந்தால் கேள்வியிலேயே கோளாறு. உதாரணத்துக்கு, இதே எண்களை வைத்து மொத்தம் 100 குடும்பங்கள் என்று யாராவது அச்சடித்திருந்தால் வெளியே −17 வரும். அந்தக் கேள்விக்கு விடை இல்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும், உங்கள் மகள் வரைந்தது வேறொரு கேள்விக்குச் சரியான படம். “கேழ்வரகும் கடலையும் மட்டும் பயிரிடுவோர் 28” என்று மூன்று இடத்திலும் ‘மட்டும்’ போட்டிருந்தால், 28 வெளித்துண்டுக்கே உரியது, கழிக்கக் கூடாது, 37தான் விடை. அந்த ஒரு சொல்லைக் கேள்வியில் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். ‘ஏதாவது ஒன்றை’ என்பதும் ‘ஒன்றை மட்டும்’ என்பதும் அதே மாதிரி ஏமாற்றும். இந்தக் கணக்கில் முதலாவதற்கு 117, இரண்டாவதற்கு 30+17+20=67.

நடு எண்ணைத் தராமல் அதையே கேட்கும் கணக்கும் வரும். எதையும் பயிரிடாதவர் 13 என்று சொல்லி, மூன்றையும் பயிரிடுவோர் எத்தனை என்பார்கள். நடுவில் x எழுதினால் வெளித்துண்டுகள் 28−x, 18−x, 20−x. ‘கேழ்வரகு மட்டும்’ 70−(28−x)−(20−x)−x, அதாவது 22+x. பாதிப் பேர் இங்கே 22−x என்று எழுதிவிடுவார்கள். இரண்டு முறை கழிக்கப்பட்ட x இரண்டு முறை திரும்பி வருகிறது, ஒருமுறை போகிறது. ஆக மிச்சம் கூட்டல். ‘மட்டும்’ இடங்கள் மூன்றிலும் x கூட்டலாக, வெளித்துண்டுகள் மூன்றிலும் கழித்தலாக இருக்க வேண்டும். ஏழையும் கூட்டினால் 109+x. இது 117 ஆக வேண்டும் என்பதால் x=8.

வரைவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளையல் நல்ல கருவிதான், ஆனால் மூன்றையும் வரிசையாக அடுக்கி வரைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் வட்டமும் மூன்றாம் வட்டமும் தொடாமல் போனால் வெளியையும் சேர்த்து ஆறு இடங்கள்தான் கிடைக்கும். எண் எழுதும் முன் இடங்களை எண்ணினால் எட்டு வர வேண்டும். நான்கு வட்டங்களுக்கு இந்த வித்தை பலிக்காது. பதினாறு இடங்கள் தேவை, நான்கு வட்டங்களை எப்படிப் போட்டாலும் பதினான்குக்கு மேல் வராது. 1880இல் இந்தப் படங்களைப் பற்றி எழுதிய ஜான் வென், நான்கு கணங்களுக்கு நீள்வட்டங்களைத்தான் பயன்படுத்தினார். படத்தின் பெயர் அவருடையது. அதனால்தான் அது ‘வென்படம்’. உங்கள் மகள் தலைப்பில் எழுதியிருப்பதுபோல் ‘வெண்படம்’ அல்ல. விடையைத் திருத்தும்போது அந்த மூன்றுசுழியில் ஒரு சுழியையும் அழிக்கச் சொல்லிவிடுங்கள்.