பன்னிரண்டாவது கம்பி

இந்தியாவின் சில்லறைப் பணவீக்கத்தை அரிமா மாதிரியில் கணிக்க முதன்முதலாக உட்கார்ந்தபோது, செய்தித்தாளில் வரும் எண்ணையே மாதிரிக்குக் கொடுத்தேன். மாதாமாதம் வெளியாகும் அந்தச் சதவீதம்தானே வேண்டும், அதையே கணித்தால் போயிற்று என்று நினைத்தேன்.

ஏசிஎஃப் வரைபடம் போட்டால் கம்பிகள் மெதுவாக, ஓடு சரிகிற மாதிரி இறங்கின. ஒரு முறை வித்தியாசம் எடுத்தேன். கம்பிகள் அடங்கின, ஆனால் லேக் 12-இல் மட்டும் பூஜ்யத்துக்குக் கீழே நீளமாக ஒன்று நின்றது. சதவீதத்தை முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டுத்தானே கணக்கிடுகிறார்கள், பருவகால ஏற்ற இறக்கம் ஏற்கெனவே கழிந்திருக்குமே என்று குழம்பினேன்.

விடை 2023 ஜூலையில் இருக்கிறது. தக்காளி விலை எகிறிய மாதம் அது. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீட்டெண் ஜூனில் 181.0, ஜூலையில் 186.3. ஒரே மாதத்தில் 2.9 சதவீத ஏற்றம். ஆண்டுப் பணவீக்கம் 4.87-இலிருந்து 7.44-க்குத் தாவியது. 2024 ஜூலையில் அதே 186.3 ஒப்பீட்டுக்கான அடிப்படையாகிவிட்டது. அதனால் பணவீக்கம் ஜூனின் 5.08-இலிருந்து 3.60-க்கு விழுந்தது. குறியீட்டெண்ணோ அந்த மாதமும் 190.2-இலிருந்து 193.0-க்கு ஏறியேதான் இருந்தது. ஒரு அதிர்ச்சி உள்ளே வரும்போது சதவீதத்தை உயர்த்துகிறது, பன்னிரண்டு மாதம் கழித்து வெளியேறும்போது இறக்குகிறது. அந்தக் கம்பி காட்டியது இதைத்தான்.

அதன்பிறகு சதவீதத்தைத் தொடுவதில்லை. குறியீட்டெண்ணின் மடக்கையை எடுத்து மாதிரி கட்டுகிறேன். சதவீதத்தைக் கடைசியில் கணக்கிட்டுக்கொள்கிறேன்.

```python
y = np.log(cpi)
w = y.diff().diff(12).dropna()
plot_acf(w, lags=36)
plot_pacf(w, lags=36)
m = SARIMAX(y, order=(1,1,0),
            seasonal_order=(0,1,1,12)).fit()
```

இப்போதும் லேக் 12-இல் கீழ்நோக்கிய கம்பி வரும். அது −0.5-க்கு அருகில் நின்று, 24-இல் ஒன்றும் இல்லையென்றால் பருவகால எம்ஏ ஒன்று போதும். முதல் லேக்கில் மேல்நோக்கி ஒரு கம்பி, பிஏசிஎஃப்-இல் அதற்கடுத்து ஒன்றும் இல்லை என்றால் ஏஆர் ஒன்று. நான் ஏமாந்தது 11, 13 ஆகிய லேக்குகளில். அங்கும் சின்னக் கம்பிகள் எட்டிப் பார்க்கும். முதல் லேக்கில் 0.3, பன்னிரண்டில் −0.45 என்றால் இரண்டையும் பெருக்கி வரும் −0.14 அளவுக்கு இருபுறமும் நிழல் விழத்தான் செய்யும். அதற்காக வரிசை எண்ணை 11 வரை ஏற்றக் கூடாது. 144 மாதத் தரவுக்கு நம்பிக்கை எல்லை சுமார் ±0.16, 36 கம்பிகளில் ஒன்றிரண்டு தற்செயலாகவே அதைத் தாண்டும்.

கணிப்பு தேறியதா என்று பார்க்க, ஒவ்வொரு மாதமும் அதுவரை தெரிந்த தரவை மட்டும் வைத்து மாதிரியைப் புதிதாகப் பொருத்தி, அடுத்த மாதத்தைக் கணித்துப் பார்க்கிறேன். ‘போன மாதச் சதவீதமே இந்த மாதமும்’ என்ற சோம்பேறிக் கணிப்புதான் எதிராளி. அதை லேசாக நினைக்க வேண்டாம். பல மாதங்களில் என்னைத் தோற்கடித்திருக்கிறது. ஆனால் 2024 ஜூலைக்கு அது 5.08 என்றிருக்கும், தவறு ஏறக்குறைய 1.5 புள்ளி. அந்த ஜூலையில் குறியீட்டெண் ஒரு சதவீதம் ஏறும் என்று வைத்தாலே 192.1 வரும், 186.3-ஓடு ஒப்பிட்டால் 3.1 சதவீதம். தவறு அரைப் புள்ளிதான்.

தவறை எப்படிக் கூட்டிப் பார்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். 36 கணிப்புகளில் 35-இல் 0.3 புள்ளி தவறு, 2023 ஜூலை போன்ற ஒரு மாதத்தில் மட்டும் 1.9 என்று வைத்துக்கொள்வோம். வர்க்கங்களைக் கூட்டினால் அந்த ஒரு மாதம் 3.6, மற்ற 35-ம் சேர்ந்தே 3.15. ஆர்எம்எஸ்இ-யை மட்டும் பார்த்து மாதிரிகளை ஒப்பிட்டால், ஒற்றை மாதத்தை வைத்தே தீர்ப்பு எழுதுகிறோம். அதனால் தனித் தவறுகளின் சராசரியான எம்ஏஇ-யையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். சதவீதத் தவறான எம்ஏபிஇ-யை விட்டுவிட்டேன்: 2025 அக்டோபரில் பணவீக்கம் 0.25. அதை 0.75 என்று கணித்தவர் அரைப் புள்ளிதான் தவறினார்; எம்ஏபிஇ கணக்கில் அது 200 சதவீதம்.

2023 ஜூலைத் தவறைக் குறைக்க நான் p, q இரண்டையும் ஏற்றி ஒரு வாரம் போராடினேன். அந்த மாதம் அசையவில்லை. மற்ற மாதங்களின் எம்ஏஇ-தான் கூடியது. கடைசியில் பழைய வரிசைக்கே திரும்பி, அந்த மாதத்துக்கு ஒரு தனி மாறியைச் சேர்த்தேன்.