படத்தின் மேல் எழுத்து: கடைசி வரிசைக்கும் தெரிகிறதா?

மண் வகைகள் பாடத்திற்கு ஸ்லைடு தயாரிக்கும்போது, கோவில்பட்டி வட்டாரக் கரிசல் காட்டின் படத்தைப் பின்னணியாக வைத்து அதன்மேல் எழுதுவது வழக்கம். அப்படத்தில் கீழே கரிய மண், நடுவே வெடித்த பருத்தி, மேலே வெளுத்த வானம் இருக்கும். ஒரே எழுத்து நிறம் இம்மூன்றின் மேலும் ஒன்றுபோல் தெரியாது.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு விகிதத்தை எண்ணால் அளக்கலாம். குறைந்த அளவு 1, அதிக அளவு 21. சாதாரண எழுத்துக்கு 4.5, பெரிய எழுத்துக்கு 3 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் நெறிகளின் வரையறை. Colour Contrast Analyser என்னும் இலவச மென்பொருளில் எழுத்தையும் பின்னணியையும் தொட்டுக் காட்டினால் விகிதம் கிடைக்கும்.

நம் படத்தில் மண்ணின் நிறம் #3B3530, வானம் #CFE3F2 என்று கொள்வோம். வெள்ளை எழுத்து மண்ணின் மேல் சுமார் 12. வானத்தின் மேல் 1.3 மட்டுமே. எனவே ஓரிடத்தில் அளந்து திருப்தி அடையக் கூடாது. எழுத்து செல்லும் பாதையில், எழுத்து நிறத்தை மிகவும் ஒத்த இடத்தைத் தேடி அளக்க வேண்டும். வெள்ளை எழுத்துக்கு அது வானமும் பருத்தியும்தான்.

தலைப்பைச் சிவப்பில் (#FF0000) எழுதினால் மண்ணின் மேல் விகிதம் சுமார் 3. பெரிய எழுத்துக்கு இது தேர்ச்சி எண். ஆயினும் சிவப்பை உணரும் கூம்பு செல்கள் செயல்படாத மாணவருக்குச் சிவப்பு மிகவும் இருண்டு தெரிவதால் எழுத்து மண்ணோடு கலந்துவிடும். சராசரிக் கண்ணுக்கு வகுத்த சூத்திரம் இதைக் காட்டாது. ஆகவே இருண்ட பின்னணியில் சிவப்பைத் தவிர்ப்பதே நல்லது. சிவப்பு–பச்சை குறைபாடு மாணவிகளைவிட மாணவர்களிடமே அதிகம். பலர் அதை வெளியே சொல்வதும் இல்லை.

தீர்வு எளிது. எழுத்துக்குப் பின்னால் ஒரு கருப்புப் பட்டை வைத்து, அதன் ஒளிபுகும் தன்மையை (Transparency) 40% ஆக்குங்கள். அடியில் தூய வெள்ளைப் பருத்தி இருந்தாலும் வெள்ளை எழுத்தின் விகிதம் சுமார் 5.7 கிடைக்கும். 50% ஆக்கினால் அது 4-க்குக் கீழே இறங்கிவிடும். 40% பட்டை இருந்தால் எந்தப் படத்தையும் மாற்றி வைக்கலாம்; மீண்டும் அளக்கத் தேவையில்லை.

இந்த எண்கள் கணினித் திரைக்கு உரியவை. வெயில் புகும் வகுப்பறையில் புரொஜெக்டர் காட்டும் கருப்பு சாம்பலாக வெளுக்கும், விகிதம் சரியும். எனவே பகல் வெளிச்சத்தில், கடைசி பெஞ்சில் அமர்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். அங்கும் தெளியாவிட்டால் எழுத்து இருக்கும் பகுதியில் படத்தை நீக்கி, முழுக் கருப்புப் பட்டையில் எழுதுங்கள். குறைபார்வை மாணவருக்கு அதே வாசகத்தைப் படமில்லாமல், வெள்ளைத்தாளில் பெரிய கருப்பு எழுத்தில் அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுவது உதவும்.