மொட்டை மாடித் தொட்டியும் மாதச் சம்பளமும்

மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குத் தொழில் மேலாண்மை வகுப்பில் "இருப்பு", "ஓட்டம்" என்ற இரண்டு சொற்களை விளக்க நேர்ந்தது. புத்தகத்தில் இரண்டே வரிதான் இருக்கிறது. ஆனால் வேலைக்குப் போகப்போகும் பையன்களுக்கு அந்த இரண்டு வரி போதாது. அதனால் ஹாஸ்டல் மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கரும்பலகைக்குக் கொண்டு வந்தேன். மலர்க் குழுவினர் கேட்டதால் அன்று பேசியதை இங்கே தருகிறேன்.

"தொட்டியில தண்ணி எவ்வளவு இருக்கு?" என்று கேட்டால் "4,000 லிட்டர்" என்பீர்கள். எப்போது என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தப் பதிலுக்கு அர்த்தமில்லை. காலை 5 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். இது இருப்பு. "மோட்டார் எவ்வளவு ஏத்துது?" என்றால் வெறும் 3,000 லிட்டர் என்று சொல்ல முடியாது, மணிக்கு 3,000 லிட்டர் என்று சொல்ல வேண்டும். இது ஓட்டம். இருப்புக்கு ஒரு நேரம் வேண்டும், ஓட்டத்துக்கு ஒரு கால அளவு வேண்டும். இரண்டுக்கும் அலகே வேறு.

இப்போது மோட்டார் நிற்காமல் ஓடட்டும். 5 மணியிலிருந்து 6 வரை குளிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், செலவு 1,000 லிட்டர். 6 மணிக்குத் தொட்டியில் 6,000. அதன்பிறகு கூட்டம். 6 முதல் 7 வரை 5,000 லிட்டர் போகிறது, மிச்சம் 4,000. 7 முதல் 8 வரை கூட்டம் குறைந்து 4,000 லிட்டர்தான் போகிறது. 8 மணிக்கு எவ்வளவு இருக்கும்?

"செலவு குறைஞ்சிடுச்சே சார், மட்டம் ஏறியிருக்கும்" என்றான் ஒருவன். கணக்குப் போடச் சொன்னேன். வந்தது 3,000, போனது 4,000. மட்டம் இன்னும் 1,000 இறங்கி 3,000 லிட்டரில் நிற்கிறது. அதிகமாகச் செலவானது 6 முதல் 7 வரை. தொட்டி மிகவும் காலியாக இருந்ததோ 8 மணிக்கு. செலவு குறைந்தால் போதாது, வரவுக்குக் கீழே இறங்கினால்தான் மட்டம் ஏறும். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

சொத்து தொட்டித் தண்ணீர், சம்பளம் மோட்டார். கம்பெனியில் 40,000 சம்பளம் வாங்கும் ஒருவர் மாதம் 43,000 செலவழிக்கிறார். பேங்கில் ஒரு லட்சம் போட்டிருக்கிறார். பெட்டிக்கடைக்காரர் ஒருவருக்கு வருமானம் 18,000, செலவு 15,000, சேமிப்பு 20,000. இருவருக்கும் இடையே 80,000 வித்தியாசம். அது மாதம் 6,000 வீதம் கரைகிறது. 14 மாதம் முடியும்போது அவரிடம் 58,000, கடைக்காரரிடம் 62,000. "யார் வசதியானவர்?" என்ற கேள்விக்குச் சம்பளத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. அந்த 40,000காரர் நடுவில் செலவை 41,500 ஆக்கிவிட்டு "நான் இப்ப சிக்கனம்" என்று சொன்னாலும் அது 7 மணித் தொட்டிதான். அரசாங்கத்தின் பற்றாக்குறை குறைந்தது என்று பேப்பரில் வந்தால் கடன் குறைந்துவிட்டது என்று நினைப்பவர்களும் இதே இடத்தில்தான் தவறுகிறார்கள். பற்றாக்குறை இருக்கும்வரை கடன் ஏறும், கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

உங்களுக்கு நெருக்கமான கணக்குக்கு வருவோம். பைக் வாங்க 90,000 கடன், வட்டி மாதம் ஒரு சதவீதம், தவணை 3,000. கடன் என்பது ஒரு தொட்டி. வட்டி உள்ளே விழுகிறது, தவணை வெளியே போகிறது. முதல் மாதம் வட்டி 900. ஆகவே கட்டிய 3,000ல் கடன் குறைவது 2,100தான். மிச்சக் கடன் 87,900. அடுத்த மாதம் வட்டி 879, குறைவது 2,121. மட்டம் இறங்க இறங்க வட்டிக் குழாயும் மெலிகிறது. "மாசம் 900 மட்டும் கட்டினா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். நல்ல கேள்வி. பத்து வருஷம் கட்டினாலும் 90,000 அப்படியே நிற்கும். அதற்குள் 1,08,000 கட்டியிருப்பீர்கள். பைக்கோ காயலான் கடைக்குப் போயிருக்கும்.

இந்த உவமை ஓரிடத்தில் உடைகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். குழாயில் வராமல் தொட்டியில் தண்ணீர் கூடாது. ஆனால் பவுனுக்கு 1,000 ரூபாய் ஏறினால், 5 பவுன் வைத்திருக்கும் அம்மாவின் சொத்து 5,000 கூடிவிடும். வீட்டுக்குள் ஒரு பைசா வருமானம் வந்திருக்காது. தேசிய வருமானக் கணக்கிலும் இந்த விலையேற்றத்தை வருமானமாகச் சேர்ப்பதில்லை. ஆகவே ஒருவரின் சொத்து கூடியிருப்பதைப் பார்த்தால், அது சேமித்து வந்ததா, விலை ஏறி வந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். விலை ஏறி வந்தது விலை இறங்கினால் போய்விடும், குழாயைத் திறக்காமலே.