முதல் ஏழு நாள்: குடியை நிறுத்தியவர் உடலில் நடப்பது என்ன?

ஈஜிபுராவின் தமிழ்க் குடும்பங்களில் குடியை விடுவது பெரும்பாலும் ஒரு சத்தியமாகத்தான் தொடங்குகிறது. ஒருவர் மாலை போடுகிறார், இன்னொருவர் சிவாஜிநகர் மாதா கோயிலில் வேண்டிக்கொள்கிறார், வேறொருவர் பிள்ளையின் தலையில் கைவைத்துச் சொல்கிறார். சத்தியம் நல்லதுதான். ஆனால் அதன் பிறகு வரும் ஏழு நாளையும் வீட்டார் மனவலிமைக்கு வைத்த பரீட்சையாகவே பார்க்கிறார்கள். கை நடுங்கினால் நாடகம் என்கிறார்கள், தூங்காவிட்டால் சரக்குக்கு ஏங்குகிறான் என்கிறார்கள், பிதற்றினால் காத்து கருப்பு என்கிறார்கள். உண்மையில் இவை ஒவ்வொன்றும் நரம்பு மண்டலம் தனக்கென ஒரு நேரக்கணக்கில் செய்கிற வேலை. அந்தக் கணக்கு தெரியாததால்தான் சிலர் மறுபடி குடிக்கப் போகிறார்கள், சிலர் உயிரையே இழக்கிறார்கள்.

நம்பிக்கை: குடித்துத்தான் சாவார்கள், குடியை நிறுத்தி யாரும் சாவதில்லை.

மது மூளையின் வேகத்தைக் குறைக்கும். தினமும் குடிப்பவரின் மூளை அதை ஈடுகட்டத் தன் பரபரப்பை நிரந்தரமாகக் கூட்டி வைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து ஒருவர் தள்ளும் கதவை உள்ளிருந்து முழு பலத்தோடு தாங்கி நிற்பவரை நினைத்துக்கொள்ளலாம். வெளியாள் சட்டென்று விலகினால் இவர் நிலைகுலைந்து முன்னால் விழுவார். மது நின்றதும் நடப்பது அதுதான். சத்துக்குறைவால்தான் நடுக்கமும் வலிப்பும் வருகின்றன என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். 1955இல் அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் ஹாரிஸ் இஸ்பெல் குழு நடத்திய ஆய்வில், நல்ல உணவும் வைட்டமினும் கொடுத்து வாரக்கணக்கில் குடிக்கவைத்துத் திடீரென நிறுத்தியவர்களுக்கும் நடுக்கம் வந்தது, சிலருக்கு வலிப்பும் சித்தப்பிரமையும் வந்தன. இன்று அப்படியொரு ஆய்வை எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது. ஆனாலும் நிறுத்தமே காரணம் என்பது அதில் தெளிவாயிற்று. பெங்களூரு இதை 2020இல் நேரில் பார்த்தது. மார்ச் 25 முதல் ஊரடங்கு. கர்நாடகத்தில் மதுக்கடைகள் மறுபடி திறந்தது மே 4இல்தான். நகர மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்து நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, கடுமையான நிறுத்த விளைவோடு வந்தவர்கள் நாளுக்குச் சராசரியாக நான்கு பேர் என்றிருந்தது ஊரடங்கு தொடங்கிய சில நாளிலேயே எட்டாக உயர்ந்தது. அவர்களின் மனவலிமை அந்த வாரத்தில் திடீரென்று குறைந்துவிடவில்லை, கடை மூடியிருந்தது.

நம்பிக்கை: முதல் இரண்டு நாளைத் தாண்டிவிட்டால் ஆபத்து தீர்ந்தது.

இதுதான் அதிக உயிர்களை வாங்கும் நம்பிக்கை. நாள்தோறும் இரண்டு குவார்ட்டர் குடிப்பவர் ஒருவர் ஞாயிறு இரவு பத்து மணிக்குக் கடைசியாகக் குடித்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் ஏறக்குறைய 60 கிராம் சாராயம் இருக்கிறது. திங்கள் காலைக்குள் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். திங்கள் காலையிலிருந்து செவ்வாய் இரவு வரை வலிப்பு வரக்கூடிய நேரம். செவ்வாயன்று நடுக்கம் கொஞ்சம் தணிந்தால் வீட்டார் நிம்மதியாக வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் புதனும் வியாழனும்தான் டெலிரியம் டிரெமன்ஸ் என்னும் சித்தப்பிரமை தலைகாட்டும் நாள்கள். காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, உடல் முழுக்க நடுக்கம், சுவரில் பூச்சி ஊர்வதாகப் பிடிக்கப்போவது, இல்லாத ஆளோடு பேசுவது எல்லாம் அப்போது வரும். சிகிச்சையில்லாமல் விட்டால் இது உயிரைப் பறிக்கும். உரிய நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். மந்திரிக்க அழைத்துப்போய் இழக்கும் அரைநாள்கூட இங்கே பெரிது. சித்தப்பிரமையை வெறும் தூக்கமின்மையிலிருந்து பிரித்தறிய ஒரு வழி உண்டு. இன்று என்ன கிழமை, இது எந்த இடம், எதிரில் இருப்பது யார் என்று கேளுங்கள். தூக்கமில்லாதவர் எரிச்சலோடு சரியாகச் சொல்வார். சித்தப்பிரமையில் இருப்பவருக்குத் தெரியாது, அல்லது காலையில் சரியாகச் சொல்லி இரவில் தவறாகச் சொல்வார்.

நம்பிக்கை: பலவீனத்துக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் போதும்.

நாள்பட்டுக் குடிப்பவர் உடலில் தயமின் என்னும் வைட்டமின் பி1 வற்றிப் போயிருக்கும். சர்க்கரையை எரிக்க அந்த வைட்டமின் வேண்டும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருப்பதும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். கண்ணசைவு தடுமாறும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். பார்ப்பவர்கள் மறுபடி குடித்துவிட்டான் என்று நினைப்பார்கள். தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடக்கூடும். எனவே தெருமுனை கிளினிக்கில் டிரிப் போடச் சொல்லும் முன் தினக்குடியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தயமின் ஊசி விலை குறைந்தது, எளிதில் கிடைப்பது.

நம்பிக்கை: ஏழாம் நாளும் தூக்கம் வரவில்லை, மனம் விடியவில்லை என்றால் இவருக்குக் குடி இல்லாமல் முடியாது.

மது சீக்கிரம் தூங்கவைக்கும். ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்து, கனவு வரும் உறக்கத்தைக் குறைத்துவிடும். நிறுத்தியதும் அந்தக் கனவுறக்கம் வட்டியோடு திரும்புவதால் நான்காம், ஐந்தாம் இரவுகளில் பயங்கரக் கனவுகள் வரும். நடுக்கம் ஒரு வாரத்தில் அடங்கினாலும் தூக்கம் சீராகப் பல வாரம், சிலருக்குச் சில மாதம் ஆகும். மனச்சோர்வும் அப்படித்தான். 1988இல் பிரவுன், ஷுக்கிட் இருவரும் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்குச் சேர்ந்த புதிதில் கடும் சோர்வில் இருந்தவர்கள் 42 சதவீதம். குடியில்லாத நான்காவது வாரத்தில் 6 சதவீதம். அதாவது ஏழாம் நாளின் மனநிலையை வைத்து வாழ்நாள் முடிவு எதையும் எடுக்கக் கூடாது. ஏக்கம் வேலை முடிந்த மாலையிலும், பசியிலும், சம்பள நாளிலும் அலையாக எழும். சாப்பிட்டுவிட்டு ஆளோடு பேசிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அரைமணிக்குள் தணியும். ஆனால் சாக வேண்டும் என்று பேசினால் நான்கு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். எத்தனையோ பேர் எந்த மருந்தும் இல்லாமல் நிறுத்தியிருக்கிறார்களே என்பது ஒன்று. உண்மைதான். பெரும்பாலானோருக்கு நடுக்கமும் தூக்கக்கேடும் மட்டுமே வரும், சித்தப்பிரமை சிலருக்குத்தான். அந்தச் சிலர் யார் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும்: காலையில் எழுந்ததும் நடுக்கத்தை நிறுத்தக் குடிப்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிரமையோ கண்டவர், காய்ச்சலோ ஈரல் நோயோ உள்ளவர். இவர்கள் வீட்டில் தனியாக நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு முறை விட்டுத் தொடங்கும்போதும் அடுத்த நிறுத்தம் கடுமையாகிறது என்பதால், போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பதும் உத்தரவாதமில்லை.

இரண்டாவது மறுப்பு, இப்படிச் சொல்வது குடிக்கச் சாக்கு கொடுக்காதா என்பது. கொடுக்காது, இதற்குத் தீர்வு மது அல்ல. ஊரடங்கின்போது கேரள அரசு, மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று உத்தரவிட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், உயர்நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. நிறுத்த விளைவுக்கு மருந்து இருக்கும்போது மதுவை எழுதிக் கொடுப்பது வைத்தியமல்ல என்ற மருத்துவர்களின் வாதம் சரி. டயசெபாம், குளோர்டயசெபாக்சைடு போன்றவற்றை மருத்துவர் அளவோடு கொடுத்துச் சில நாளில் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவார். ஈரல் கெட்டவருக்கு லோராசெபாம் தருவார். ஆளைப் பார்க்காமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் தூக்கமாத்திரை இதற்கு ஈடாகாது. அதோடு மதுவும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

ஈஜிபுராவுக்குப் பக்கத்திலேயே செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. சில கிலோமீட்டரில் நிம்ஹான்ஸும் அதன் போதை சிகிச்சை மையமும் இருக்கின்றன. முதலில் பேசிப் பார்க்க 14416 என்ற டெலிமானஸ் எண் உண்டு. மருத்துவரிடம் போகும்போது நான்கு செய்திகளைச் சொல்லுங்கள்: கடைசியாகக் குடித்த நேரம், தினசரி அளவு, காலையில் குடிப்பாரா, முன்பு வலிப்பு வந்ததா. அளவைக் குறைத்துச் சொன்னால் மருந்தும் குறைந்துபோகும். அதனால் வெட்கத்தை விட்டு உள்ளதைச் சொல்லுங்கள். சத்தியம் செய்தவர் அதைக் காப்பாற்ற அந்த வாரத்தில் செய்யக்கூடிய உறுதியான காரியம் இதுவே.