ஜீவனாம்ச உத்தரவை வாசிப்போம்: எவ்வளவு? எப்போது? நின்று போனால் என்ன?



ஜவ்வாது மலையில் ஒரு குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, ஒரு அக்கா மஞ்சப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாங்க. "மேடம், கோர்ட்டுல பணம் தரச் சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் ஒரு ரூபா வரல. கோர்ட்டு எப்பதான் அனுப்பும்?" என்று கேட்டாங்க.

கோர்ட்டு அனுப்பாது. பணம் தரச் சொல்லிக் கணவருக்கு உத்தரவு போடும், அவ்வளவுதான். அவர் தரவில்லை என்றால் நாம்தான் மறுபடி மனு போட வேண்டும். அதற்கு ஒரு கெடுவும் உண்டு. இதை யாரும் சொல்லாததால் அந்த அக்கா காகிதத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாங்க. நம் கையில் இருக்கும் உத்தரவை எப்படி வாசிப்பது என்று இந்த மாதம் பார்ப்போம்.

இது எந்தச் சட்டத்தின் உத்தரவு?

முதல் பக்கத்தில் பிரிவு எண் இருக்கும். 2024 ஜூலை 1-க்கு முன் போட்ட மனு என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 125. அதற்குப் பின் என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 144. பெயரும் எண்ணும் மாறினாலும் விஷயம் ஒன்றுதான். பழைய உத்தரவும் செல்லும். எந்த மதம், எந்தச் சாதி என்றாலும் இந்தப் பிரிவு பொருந்தும். இந்துத் திருமணச் சட்டம் பழங்குடியினருக்கு நேரடியாகப் பொருந்தாது. அதனால் மலையாளி சமூகப் பெண்களுக்கு இந்தப் பிரிவு மிகவும் முக்கியம்.

கடைசிப் பக்கத்தைப் பாருங்க

முன் பக்கங்களில் இரு தரப்பும் சொன்னது, சாட்சி, விசாரணை எல்லாம் இருக்கும். நமக்கு வேண்டியது "உத்தரவிடப்படுகிறது" என்று வரும் கடைசிப் பத்தி. ஒரு மாதிரி உத்தரவை வைத்துப் பார்ப்போம்:

"எதிர்மனுதாரர் 1-ஆம் மனுதாரருக்கு மாதம் ரூ.4,000-உம், 2-ஆம் மனுதாரரான மைனர் மகளுக்கு மாதம் ரூ.3,000-உம், மனு தாக்கல் செய்த 10.6.2022 முதல் வழங்க வேண்டும். நிலுவைத் தொகையை இரண்டு மாதத்திற்குள் செலுத்த வேண்டும். இனி வரும் தொகையை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் மனுதாரரின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். நாள் 10.11.2023."

எவ்வளவு? அம்மாவுக்கு 4,000, மகளுக்கு 3,000. மொத்தம் மாதம் 7,000 ரூபாய். யாருக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் குறித்துக் கொள்ளுங்க. பிள்ளை மேஜர் ஆகும்போது பிள்ளையின் பங்கு மாறலாம். அம்மாவின் பங்கு அதனால் குறையாது.

எந்தத் தேதியிலிருந்து? இதைத்தான் நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். "மனு தேதி முதல்" என்றால் வழக்கு நடந்த மாதங்களுக்கும் பணம் உண்டு. மனு தேதியிலிருந்தே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4 அன்று ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. நம் மாதிரியில் 10.6.2022 முதல் 10.11.2023 வரை 17 மாதம். 17 மாதத்துக்கு 1,19,000 ரூபாய். வழக்கு நடக்கும்போது இடைக்காலத் தொகையாக அவர் 20,000 கொடுத்திருந்தால் அதைக் கழிக்க வேண்டும். மீதி நிலுவை 99,000.

எந்தத் தேதிக்குள்? ஒவ்வொரு மாதத்துத் தொகையும் அடுத்த மாதம் 5-ஆம் தேதி. அந்தத் தேதி தாண்டினால் அந்த மாதம் தவறியது என்று கணக்கு.

பணம் நின்று போனால்

நம் மாதிரியில் கணவர் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று மூன்று மாதம் கட்டினார். 5.3.2024 அன்று கட்ட வேண்டியதைக் கட்டவில்லை. நிலுவையிலும் ஒரு ரூபாய் தரவில்லை. "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று அக்கா இருந்துவிட்டார்.

சட்டம் சொல்வது இது: ஒரு தொகை எந்த நாளில் தர வேண்டியதோ, அந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். போடாவிட்டால் அந்தத் தொகைக்கு வாரண்டு பிறப்பிக்க முடியாது. ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனி கெடு. அக்கா 1.7.2025 அன்று மனு போட்டால், 2024 மார்ச், ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் வர வேண்டிய நாலு தவணை, 28,000 ரூபாய், இந்த வழியில் கேட்க முடியாமல் போகும். 99,000 நிலுவையும் அப்படித்தான். நிலுவைக்கு உத்தரவு தேதியிலிருந்தே ஒரு வருடம் என்று எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. கடன் அழிந்துவிடாது, சிவில் வழியில் கேட்கலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் சொன்னது. ஆனால் அது நீண்ட வழி. அதனால் இரண்டு, மூன்று தவணை தவறியதுமே மனு போடுங்க.

மனுவோடு உத்தரவின் நகல், பாஸ்புக் நகல், எந்த மாதம் வந்தது, எந்த மாதம் வரவில்லை என்ற பட்டியல், கணவர் இப்போது இருக்கும் முகவரி, வேலை செய்யும் இடம் ஆகியவை வேண்டும். உத்தரவின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் சட்டம்தான். அவர் தோட்ட வேலைக்கோ திருப்பூருக்கோ போய்விட்டாலும், அவர் இருக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே உத்தரவை நிறைவேற்றக் கேட்கலாம்.

போதிய காரணம் இல்லாமல் அவர் தரவில்லை என்று தெரிந்தால், அபராதம் வசூலிப்பது போல அவர் பொருளை ஜப்தி செய்ய நீதிமன்றம் வாரண்டு போடலாம். அதற்குப் பிறகும் பாக்கி நின்றால் ஒரு மாதம் வரை சிறை. அதற்குள் கட்டிவிட்டால் வெளியே வரலாம். "ஜெயிலுக்குப் போயிட்டு வந்துட்டாரு, கணக்கு முடிஞ்சுது" என்பது தவறு. சிறை என்பது கட்ட வைக்கும் வழி மட்டுமே, பாக்கி அப்படியே நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லியிருக்கிறது. பிறகு தவறும் மாதங்களுக்கு மறுபடி மனு போட வேண்டும்.

ஏமாற வேண்டாம்

"வேலை போச்சு, இனி ரெண்டாயிரம்தான்" என்று அவர் சொன்னால் தொகை குறையாது. நீதிமன்றம் மாற்றி உத்தரவு போடும் வரை பழைய தொகைதான். ஊர்ப் பெரியவங்க பேசி முடித்தாலும் உத்தரவு தானாக ரத்தாகாது. ஆனால் "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் அது நமக்கு எதிராக நிற்கும். கையில் பணம் வாங்கினால் வாங்கிய தொகையை மட்டும், தேதியோடு எழுதிக் கொடுங்க. வங்கி வழியாக வாங்குவது இன்னும் நல்லது.

"வந்தா சேர்ந்து வாழலாம், தனியா இருந்தா காசு இல்ல" என்றும் சிலர் சொல்வாங்க. போக மறுப்பதற்கு நம்மிடம் நியாயமான காரணம் இருந்தால் நீதிமன்றம் அதைக் கேட்கும். அவர் வேறு கல்யாணம் செய்திருந்தால் அதுவே போதுமான காரணம்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று நிற்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப்பணிகள் குழுவிலோ மாவட்ட ஆணைக்குழுவிலோ கேளுங்க. 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம்.

குழுவில் செய்து பாருங்க

ஒரு நோட்டில் நாலு கட்டம் போடுங்க: தர வேண்டிய தேதி, தொகை, வந்த தேதி, மனு போடக் கடைசி நாள். உத்தரவு வைத்திருக்கும் சகோதரி சொல்லச் சொல்ல, எழுதத் தெரிந்தவர் நிரப்பட்டும். பிறகு இதற்குப் பதில் சொல்லுங்க: உத்தரவுப்படி 5.8.2024 அன்று வர வேண்டிய பணம் வரவில்லை. வாரண்டு கேட்க எந்தத் தேதிக்குள் மனு போட வேண்டும்?

(விடை: 5.8.2025-க்குள். கடைசி நாள் வரை காத்திருக்காமல் முன்பே போட வேண்டும்.)