ஒரே விகிதம், வேறு ஆலை: ப்ராஜெக்ட் எழுதும் தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

இரண்டு கம்பெனிகளை ஒப்பிட்டு விகித ஆய்வு எழுதணும், எதை எடுக்கலாம்னு கேட்டியே. சர்க்கரை ஆலைகளை எடு. நம்ம ஜெயமங்கலத்துக்குப் பக்கத்திலேயே, வைகை அணை வரதராஜ் நகரில் ராஜ்ஸ்ரீ சுகர்ஸ் ஆலை இருக்கு. ஒப்பிட பண்ணாரி அம்மன் சுகர்ஸ். இரண்டுமே பங்குச்சந்தையில் இருப்பதால் ஆண்டறிக்கை இணையத்திலேயே கிடைக்கும்.

அறிக்கையைத் திறந்ததும் கடைசிப் பக்கக் குறிப்புகளுக்குப் போ. 2021-22 நிதியாண்டிலிருந்து நடப்பு விகிதம், கடன்-ஈக்விட்டி உட்பட 11 விகிதங்களைக் கம்பெனியே போடணும். போன வருஷத்தைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் காரணமும் எழுதணும். அந்தக் காரணத்தில்தான் விஷயம் இருக்கும். ஆனால் நீயும் தனியா கணக்குப் போட்டுப் பார்.

வழியைக் காட்ட நானே உருண்டை எண்கள் வைக்கிறேன். இவை எந்த நிஜ ஆலையின் கணக்கும் இல்லை. எல்லாம் கோடி ரூபாயில். முதல் ஆலைக்கு நடப்புச் சொத்து 400, நடப்புப் பொறுப்பு 320. இரண்டாவதுக்கு 500, 400. வகுத்துப் பார்த்தால் இரண்டுக்குமே 1.25. “ரெண்டும் சமம்”னு இங்கேயே பலர் நிறுத்திடுவாங்க.

சரக்கைக் கழித்துப் பார். முதல் ஆலையில் சரக்கு மட்டும் 320. மிச்சம் 80, அதாவது விரைவு விகிதம் 0.25. இரண்டாவதில் சரக்கு 350, மிச்சம் 150. விகிதம் சுமார் 0.38. இரண்டும் குறைவுதான். ஆனால் பதறாதே. ஆலைகள் கணக்கை மார்ச் 31-ல் முடிக்கின்றன. அரவை நடந்து குடோனில் சர்க்கரை குவிந்து கிடக்கும் நேரம் அது. அதை ஈடு வைத்து வாங்கிய வங்கிக் கடனும் அப்போது உச்சத்தில் இருக்கும். அதனால் செப்டம்பர் 30 அரையாண்டு இருப்புநிலையையும் எடுத்துப் பார். சர்க்கரை விற்றுச் சரக்கு இறங்கும்போது கடனும் கூடவே இறங்கியிருக்கணும். சரக்கு குறைந்தும் கடன் அப்படியே நிற்கிறதா? விற்ற காசு வேற எங்கேயோ போயிருக்கு.

இன்னொரு இடம், கரும்பு நிலுவை. 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, ஒப்பந்தம் வேறு சொல்லாவிட்டால், கரும்பு வந்த 14 நாளுக்குள் விவசாயிக்குப் பணம் கொடுக்கணும். தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. வணிகப் பொறுப்பில் அந்த நிலுவை எவ்வளவு, எத்தனை நாள் பழசுன்னு குறிப்பில் தேடு. கரும்புக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இது நான் சொல்லித் தெரியணுமா!

அடுத்து கடன். முதல் ஆலையின் நீண்டகாலக் கடன் 180, ஈக்விட்டி 200. விகிதம் 0.9, பரவாயில்லைன்னு தோணும். ஆனால் குறுகியகால வங்கிக் கடன் 200 வேற இருக்கு. அதையும் சேர்த்தால் 380, விகிதம் 1.9. இரண்டாவதில் 50-உம் 200-உம் சேர்த்து 250, ஈக்விட்டி 500, விகிதம் 0.5. ஒரு கம்பெனிக்கு நீண்டகாலக் கடனை மட்டும், இன்னொன்றுக்கு மொத்தக் கடனையும் எடுத்துடாதே. எந்த அளவு எடுத்தாய்னு அட்டவணைக்குக் கீழேயே எழுதிடு.

இனி லாபம். விற்பனை 600, 800. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 60, 80. இரண்டுமே 10 சதவீதம்! ஈக்விட்டியோடு கடனைச் சேர்த்த மொத்த முதலீட்டின் மேல் பார்த்தாலும் 10.3, 10.7, கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் வட்டி 42, 25. வரியும் போய்க் கடைசியில் நிற்பது 13, 41. நிகர லாப விகிதம் 2.2, 5.1. ஆலை ஓட்டுவதில் பெரிய வித்தியாசம் இல்லை, வட்டிதான் பிரிக்கிறது. நிகர லாபத்தை மட்டும் பார்த்திருந்தால் முதல் ஆலை நிர்வாகம் மோசம்னு தப்பா எழுதியிருப்பே.

முடிவுரையில் “இரு நிறுவனங்களின் நிலையும் திருப்திகரம்”னு எழுதினால் மதிப்பெண் வராது. இப்படி எழுது:

“இரு ஆலைகளின் நடப்பு விகிதமும் 1.25 என்றாலும், சரக்கைத் தவிர்த்தால் முதல் ஆலையின் நீர்மை பலவீனமானது. செயல்பாட்டு லாபம் இரண்டிலும் விற்பனையில் 10 சதவீதம். நிகர லாபத்தில் உள்ள இடைவெளிக்கு முதன்மைக் காரணம் கடன் சுமை. முதல் ஆலையின் லாபம் வட்டியைப் போல 1.4 மடங்கு மட்டுமே, இரண்டாவதில் 3.2 மடங்கு. செயல்பாட்டு லாபம் 30 சதவீதம் குறைந்தால் முதல் ஆலை அந்த ஆண்டு வட்டியைக் கட்டுவதற்கே தடுமாறும், இரண்டாவது தாங்கும். இது ஒரே ஆண்டுக் கணக்கையும் மார்ச் இறுதி இருப்பையும் வைத்துச் சொல்வது; மழை குறைந்து கரும்பு வரத்து சரிந்த ஆண்டையும் சேர்த்தால் மாறக்கூடும்.”